பச்சிளங்குழந்தை ஏன் அடிக்கடி விழிக்கிறது? தூக்கமும் பாதுகாப்பான படுக்கையும்: முழுமையான வழிகாட்டி

பிறந்து மூன்று வாரமான குழந்தை இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை விழித்தால், வீட்டில் முதலில் எழும் கேள்வி "தாய்ப்பால் போதவில்லையோ?" என்பதுதான். அடுத்து ஒருவர் கண்ணேறு கழிக்கச் சொல்வார், இன்னொருவர் குப்புறப் படுக்க வைக்கச் சொல்வார், மூன்றாமவர் கிரைப் வாட்டர் வாங்கி வருவார். பெரும்பாலான வீடுகளில் அந்தக் குழந்தைக்கு ஒரு குறையும் இருக்காது. அந்த வயதில் அப்படி விழிப்பதே இயல்பு. அந்த விழிப்பு குழந்தையின் உயிருக்குக் காவல் என்பதையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். படுக்கையைப் பற்றி மருத்துவர்கள் சொல்லும் விதிகள் பலவும் இந்த ஒன்றிலிருந்து பிறப்பவை. அதனால் தூக்கம் எப்படி நடக்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

முதலில், குழந்தையின் தூக்கத்தைப் பார்க்கப் பழகுங்கள்

பச்சிளங்குழந்தை ஒரு நாளில் ஏறத்தாழ 14 முதல் 17 மணி நேரம் தூங்குகிறது. ஆனால் அது சிறு சிறு துண்டுகளாக நடக்கும் தூக்கம். ஒரு தூக்கச் சுழற்சி 50 முதல் 60 நிமிடங்களில் முடிந்துவிடும். பெரியவர்களுக்கு இது ஏறக்குறைய 90 நிமிடம்.

ஒவ்வொரு சுழற்சியிலும் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்றை அசைவு உறக்கம் என்றும் மற்றதை அமைதி உறக்கம் என்றும் வைத்துக்கொள்வோம். அசைவு உறக்கத்தில் மூடிய இமைகளுக்குள் கண்மணிகள் உருளும். உதடு சுழியும், ஒரு நொடி சிரிக்கும், அடுத்த நொடி முகத்தைச் சுளிக்கும். கைகால்கள் வெட்டி இழுக்கும், முக்கும், முனகும், சில நேரம் ஒரு சிறு அழுகைகூட வரும். மூச்சு ஒழுங்கில்லாமல் வேகமாகவும் மெதுவாகவும் ஓடும். அமைதி உறக்கத்தில் இவை எதுவும் இருக்காது. மூச்சு சீராக ஓடும். கையைத் தூக்கிவிட்டால் துணிபோல் தொய்ந்து விழும்.

பெரியவர்களின் தூக்கத்தில் கண் அசையும் பகுதி நான்கில் ஒரு பங்குக்கு மேல் போவதில்லை. பச்சிளங்குழந்தைக்கோ தூக்கத்தில் ஏறக்குறைய பாதி நேரம் அசைவு உறக்கம். அது தூங்கத் தொடங்குவதே அந்த வாசல் வழியாகத்தான். கண்ணை மூடி முதல் 15, 20 நிமிடம் குழந்தை மேலோட்டமாகவே தூங்கிக்கொண்டிருக்கும். மடியில் தூங்கிய குழந்தையைக் கீழே கிடத்தியதும் வீல் என்று கத்துவதற்கு இது முக்கியமான காரணம். அமைதி உறக்கம் வரும்வரை பொறுத்திருந்து, கை தொய்ந்த பிறகு கிடத்தினால் பல நேரம் தூக்கம் கலையாது.

மனிதர்களின் உறக்கத்தில் கண்கள் அசையும் கட்டம் ஒன்று இருப்பதை சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கி, நத்தானியேல் கிளைட்மன் இருவரும் 1953-இல் வெளியிட்டார்கள். அசெரின்ஸ்கி தம் ஆய்வைத் தொடங்கியது குழந்தைகளின் இமைகளைப் பார்த்துத்தான். தொட்டில் அருகே அமர்ந்து பொறுமையாகப் பார்க்கும் எவருக்கும் அந்தக் காட்சி இன்றும் கிடைக்கும்.

இதிலிருந்து பெற்றோருக்குக் கிடைக்கும் முதல் பாடம்: முனகல் கேட்டதும் தூக்காதீர்கள். கண் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். மூடியிருந்தால் ஓரிரு நிமிடம் காத்திருங்கள். அசைவு உறக்கத்தில் இருக்கும் குழந்தையை விழித்துவிட்டதாக எண்ணித் தூக்கி, உண்மையாகவே எழுப்பிவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. கண் திறந்து, தலையைத் திருப்பி வாயால் மார்பைத் தேடி, கையை வாய்க்குக் கொண்டுபோனால் அது பசி. அழுகை வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

மூச்சைப் பார்த்துப் பயப்படுகிறவர்களும் உண்டு. பச்சிளங்குழந்தை சில மூச்சுகளை வேகமாக இழுத்துவிட்டு, ஐந்து முதல் பத்து நொடி நிறுத்தி, மறுபடி தொடர்வது இயல்பானது. நிறுத்தம் 20 நொடியைத் தொட்டாலோ, உதடும் முகமும் நீலமாகவோ சாம்பலாகவோ மாறினாலோ அது அவசர நிலை.

அடிக்கடி விழிப்பதன் காரணங்கள்

ஒவ்வொரு சுழற்சியின் முடிவிலும் குழந்தை விழிப்பின் விளிம்புக்கு வருகிறது. ஏதாவது தேவை இருந்தால் முழுதாக விழிக்கும், இல்லாவிட்டால் அடுத்த சுழற்சிக்குள் போய்விடும். தேவைகளில் முதலாவது பசி. வயிறு மிகச் சிறியது, தாய்ப்பால் விரைவில் செரித்துவிடும். 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை பால் குடிக்கும் குழந்தை, இரவுக்கென்று ஒரு விடுமுறை எடுத்துக்கொள்ள முடியாது.

இரவு, பகல் என்ற வேறுபாடும் அதற்கு இன்னும் தெரியாது. கருவில் இருந்தபோது தாயின் உடலிலிருந்து வந்த மெலடோனின் என்ற உறக்கச் சுரப்பு அதற்கு இரவை உணர்த்தியது. பிறந்தபின் சொந்தமாக அந்தச் சுரப்பு ஒரு ஒழுங்குக்கு வர இரண்டு, மூன்று மாதம் ஆகும். அதுவரை இதைப் பழக்கத்தால் திருத்த முயல்வதில் பயனில்லை. பகலில் அறையில் வெளிச்சமும் வழக்கமான பேச்சுச் சத்தமும் இருக்கட்டும், இரவில் மங்கலான விளக்கும் குறைந்த பேச்சும் போதும். உடல் தயாராகும்போது இந்த வேறுபாடு அதற்கு உதவும்.

மூன்றாவது காரணத்தைத்தான் நம் வீடுகளில் யாரும் சொல்வதில்லை. தூக்கத்தில் மூக்கை ஏதாவது மறைத்தாலோ, மூச்சுவிட்ட காற்றே திரும்பத் திரும்ப உள்ளே போய் கரியமில வாயு கூடினாலோ, மூளை அதை உணர்ந்து குழந்தையை எழுப்ப வேண்டும். குழந்தை திணறி, தலையைத் திருப்பி, அழும். இந்த எழுப்பும் திறன் சரியாக வேலை செய்யாதபோதுதான், நலமாகத் தூங்கப்போன குழந்தை காரணமே தெரியாமல் தூக்கத்தில் இறந்துவிடும் துயரம் நேர்கிறது என்பது மருத்துவர்களின் முதன்மையான விளக்கம். இந்த மரணங்கள் இரண்டு முதல் நான்கு மாத வயதில் உச்சம் தொடுகின்றன. ஆறு மாதத்துக்குப் பின் மிகவும் குறைந்துவிடுகின்றன.

இதற்கு வரலாறு தந்த சான்று கசப்பானது. மேலை நாடுகளில் பல்லாண்டுகளாகக் குழந்தைகளைக் குப்புறப் படுக்க வைக்கச் சொன்னார்கள். அப்படிப் படுத்தால் குழந்தை ஆழ்ந்து தூங்குகிறது என்பதைத் தாய்மார்களும் கண்டார்கள். அது உண்மைதான். குப்புறப் படுத்த குழந்தை ஆழ்ந்து தூங்குகிறது, எளிதில் விழிப்பதில்லை. ஆபத்தும் அங்கேதான் இருந்தது. நியூசிலாந்திலும் பிரிட்டனிலும் நடந்த ஆய்வுகளுக்குப் பின், 1991-இல் பிரிட்டனிலும் 1994-இல் அமெரிக்காவிலும் மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்லும் பெரும் பிரசாரங்கள் தொடங்கின. இவ்வகை மரணங்கள் அதன்பின் பாதிக்கும் கீழே குறைந்தன. புதிய மருந்தோ கருவியோ இல்லாமல், முக்கியமாகப் படுக்கும் விதத்தை மாற்றியதால் இத்தனை குழந்தைகள் பிழைத்தார்கள்.

ஆகவே குழந்தையை விழிக்காமல் தூங்க வைக்கிறேன் என்று யாராவது எதையாவது நீட்டினால் தயங்குங்கள். சளி சிரப்பில் ஒரு சொட்டு, கசகசா அரைத்த பால், வசம்பு உரைத்தது எதுவும் வேண்டாம். தூக்கம் தரும் மருந்துகள் அந்த எழுப்பும் திறனையே மழுங்கடிக்கின்றன. ஆறு மாதம்வரை தாய்ப்பாலைத் தவிர வேறு உணவோ பானமோ, தண்ணீரும்கூட, குழந்தைக்குத் தேவையில்லை.

படுக்கையை அமைக்கும் விதம்

எந்தப் பொருளை வைப்பது என்று தடுமாறும்போது ஒன்றே ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இது குழந்தையின் மூக்கை மறைக்குமா, அல்லது அது திணறி எழுவதைத் தடுக்குமா?

மெத்தையிலிருந்து தொடங்குவோம். பரப்பு உறுதியாகவும் மட்டமாகவும் இருக்க வேண்டும். உள்ளங்கையால் அழுத்தி எடுத்தால் பள்ளம் நிற்கக் கூடாது. இலவம்பஞ்சு மெத்தை இந்தச் சோதனையில் தோற்றுவிடும். தலை அமிழ்ந்து, பக்கவாட்டில் திரும்பினால் கன்னமும் மூக்கும் பஞ்சில் புதையும். தென்னை நார் மெத்தை நல்லது. தரையில் பாய் விரித்து, அதன்மேல் இரண்டு மடிப்புப் பருத்தித் துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்து ஓரங்களைச் செருகிவிட்டாலும் போதும். விலையுயர்ந்த மெத்தையைவிட அந்தப் பாய் பாதுகாப்பானது என்று தயங்காமல் சொல்வேன். கம்பி வைத்த மரத்தொட்டில் வாங்கினால் கம்பிகளின் இடைவெளி ஆறு சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. மெத்தைக்கும் பக்கப் பலகைக்கும் நடுவில் இரண்டு விரலுக்கு மேல் இடம் இருந்தால் அந்த மெத்தை அந்தத் தொட்டிலுக்கு உரியதல்ல.

அடுத்து, ஒவ்வொரு முறையும், பகல் தூக்கத்திலும், மல்லாக்கக் கிடத்துங்கள். "பால் கக்கினால் புரையேறிவிடுமே" என்று பாட்டி கேட்பார். அவர் அக்கறையோடுதான் கேட்கிறார், பதில் சொல்ல வேண்டும். மல்லாந்து படுத்திருக்கும்போது மூச்சுக்குழல் மேலேயும் உணவுக்குழல் அதற்குக் கீழேயும் இருக்கிறது. மேலேறி வரும் பால் மூச்சுக்குழலுக்குள் போக வேண்டுமானால் மேல்நோக்கி ஏற வேண்டும். குப்புறப் படுத்தால் நிலைமை தலைகீழாகி, பால் மூச்சுக்குழலின் வாய்ப்பக்கமே தேங்கும். கக்கும் குழந்தைகளுக்கும் மல்லாந்த நிலைதான் பாதுகாப்பு. ஒருக்களித்துப் படுக்க வைத்து உருட்டுத் தலையணையால் முட்டுக்கொடுப்பதும் வேண்டாம். அந்த நிலையிலிருந்து குழந்தை எளிதாகக் குப்புற உருண்டுவிடும், முட்டுக்கொடுத்த தலையணையே முகத்தை மறைக்கும்.

தலை உருண்டையாக வர வேண்டும் என்று கடுகுத் தலையணை வைப்பவர்கள் நிறைய. தூங்கும்போது அது வேண்டாம். இன்று தலையை வலப்பக்கம் திருப்பிக் கிடத்தினால் நாளை இடப்பக்கம் திருப்புங்கள். விழித்திருக்கும்போது, நீங்கள் அருகில் இருந்து, ஓரிரு நிமிடம் குப்புறப் போடுங்கள், நாளுக்குப் பல முறை. தலை வடிவத்துக்கும் கழுத்து வலுவுக்கும் அதுவே உதவும்.

படுக்கையில் குழந்தையைத் தவிர வேறொன்றும் இருக்கக் கூடாது. பொம்மை, போர்வை, பக்க மெத்தை, பால் புட்டி எல்லாம் வெளியே. குடைபோல் மடங்கும் கொசுவலையோடு தடித்த மெத்தையும் சின்னத் தலையணையும் சேர்த்துத் தருவார்கள். மெத்தையையும் தலையணையையும் எடுத்துவிட்டு வலையை மட்டும் பயன்படுத்துங்கள். வலை தொய்ந்து முகத்தில் விழாதபடி பாருங்கள். கொசுவத்திச் சுருளின் புகையும், சாம்பிராணிப் புகையும், பீடி சிகரெட் புகையும் குழந்தை தூங்கும் அறைக்குள் வேண்டாம். கழுத்தில் கறுப்புக் கயிறோ சங்கிலியோ இருந்தால் கழற்றிவிடுங்கள்.

உடை விஷயத்தில் நம் ஊரில் தவறு எப்போதும் ஒரே பக்கம்தான் நடக்கிறது: அளவுக்கு மீறிய உடை. சித்திரை வெயிலிலும் குல்லா, காலுறை, இரண்டு சுற்றுத் துணி. குழந்தை அதிகச் சூட்டை வெளியேற்றுவதில் தலைக்குப் பெரும் பங்கு உண்டு. ஓரிரு வாரம் கடந்த, நிறைமாதக் குழந்தைக்கு வீட்டுக்குள் குல்லா தேவையில்லை. நீங்கள் அந்த அறையில் இதமாக இருக்க எவ்வளவு உடுத்துகிறீர்களோ, அதைவிட ஒரு சுற்று அதிகம் போதும். வெயில் காலத்தில் ஒரு மெல்லிய பருத்திச் சட்டையே போதும், மின்விசிறியும் ஓடலாம். கையும் காலும் குளிர்ந்திருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பிடரியையும் நெஞ்சையும் தொட்டுப் பாருங்கள். அங்கே வேர்த்திருந்தால் ஒரு சுற்றைக் கழற்றுங்கள். எடை குறைந்தோ குறைமாதத்திலோ பிறந்த குழந்தைக்கு மருத்துவர் சொன்ன கணக்கே பொருந்தும்.

துணியில் சுற்றினால் சில குழந்தைகள் திடுக்கிடாமல் தூங்கும். சுற்றலாம், ஆனால் நெஞ்சில் இறுக்கக் கூடாது. இடுப்பும் முழங்காலும் மடங்கி விரிய இடம் வேண்டும், கால்களை நேராக நீட்டிக் கட்டினால் இடுப்பு மூட்டுக்குக் கேடு. உருள முயலும் அறிகுறி தெரிந்த நாளிலேயே சுற்றுவதை நிறுத்திவிடுங்கள்.

தூளி

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். சேலையில் கட்டிய தூளியில் வளர்ந்தவர்கள்தான் நாம், அதன் ஆட்டத்தில் அடங்காத அழுகை அரிது. அதே நேரம், உறுதியான மட்டமான பரப்பு என்ற முதல் விதியே அங்கே உடைகிறது. சேலை வளைந்து தொங்குவதால் குழந்தையின் முகவாய் நெஞ்சில் போய் முட்டும். கழுத்துத் தசைக்கு வலுவில்லாத வயதில் மூச்சுப்பாதை மடங்கிக் குறுகிவிடும், அழக்கூட முடியாமல் போகலாம். துணியின் இரு பக்கமும் முகத்தருகே சேர்ந்துகொள்ளும். வளர்ந்த பிள்ளைகள் தூளியில் சுழன்று விளையாடிச் சேலை கழுத்தில் இறுகி இறந்த செய்திகளைத் தமிழ்நாட்டு நாளிதழ்களில் மீண்டும் மீண்டும் படிக்கிறோம்.

என் முடிவு இது: அழுகையைத் தணிக்கத் தூளி, தூங்குவதற்குப் பாய். ஆட்டும்போது விழித்திருக்கும் ஒரு பெரியவர் முகம் தெரியும்படி பக்கத்திலேயே இருக்க வேண்டும். துணி விரிந்து நிற்க நடுவில் கட்டை செருகுங்கள், முகவாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைகிறதா என்று பாருங்கள். கை தொய்ந்து அமைதி உறக்கம் வந்ததும் எடுத்துக் கீழே கிடத்துங்கள். இரவில் தூளியில் விட்டுவிட்டு எல்லோரும் தூங்கிவிடும் பழக்கத்தை மட்டும் கட்டாயம் கைவிட வேண்டும். குறைமாதக் குழந்தையென்றால் தூளியே வேண்டாம்.

ஒரு இரவு

தாய்வீட்டில் இருக்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். சுகப்பிரசவம், குழந்தைக்கு மூன்று வாரம், பிறந்த எடை மீண்டுவிட்டது. தாய்க்குத் தரையில் மெத்தை, அதையொட்டி ஒரு கை நீளத்தில் குழந்தைக்குத் தனிப் பாய். ஒரே அறை, ஆனால் தனிப் படுக்கை: ஆறு மாதம்வரையாவது இந்த ஏற்பாடு நீடிப்பது நல்லது.

இரவு 9.10-க்குப் பால் கொடுக்கிறாள். தோளில் போட்டு ஏப்பம் வரவைத்து, கை தொய்ந்ததும் 9.40-க்குக் கிடத்துகிறாள். 10.20-க்கு முக்கலும் உதைப்பும் கேட்கிறது. இது முதல் சுழற்சியின் முடிவு. கண் மூடியிருப்பதைப் பார்த்துப் பேசாமல் இருக்கிறாள். இரண்டு நிமிடத்தில் அடங்கிவிடுகிறது. 11.50-க்குக் கண் திறந்து, கையைச் சப்புகிறது. இப்போது பசி. பெரிய விளக்கைப் போடாமல் சிறு விளக்கொளியில் பால் கொடுக்கிறாள். மலம் கழித்திருந்ததால் துணி மாற்றுகிறாள், பேச்சு இல்லை. 12.35-க்குத் தூக்கம்.

அதிகாலை 3.05-க்கு அடுத்த விழிப்பு. ஆபத்தான நேரம் இதுதான், ஏனென்றால் இப்போது தூங்கி விழப்போவது தாய். சோபாவிலோ சாய்வு நாற்காலியிலோ அமர்ந்து பால் கொடுத்தபடி கண்ணயர்ந்தால், குழந்தை கைக்கும் திண்டுக்கும் நடுவில் சிக்கிக்கொள்ளும். பெரியவரோடு படுப்பதைவிடவும் பல மடங்கு ஆபத்து அது. ஆகவே தன் மெத்தையிலேயே, தலையணையையும் போர்வையையும் ஒதுக்கிவிட்டுப் பால் கொடுக்கிறாள். கண்ணயர்ந்துவிட்டால் விழித்த உடனே குழந்தையை அதன் பாய்க்கு மாற்ற வேண்டும். வீட்டில் யாராவது மது அருந்தியிருந்தாலோ, புகைப்பவராக இருந்தாலோ, தூக்கம் தரும் மாத்திரை எடுத்திருந்தாலோ, குழந்தை 37 வாரத்துக்கு முன்போ இரண்டரைக் கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்திருந்தாலோ பெரியவர்களின் படுக்கையில் குழந்தை இருக்கவே கூடாது.

3.50-க்கு மீண்டும் கிடத்தல், 5.30-க்கு அடுத்த பால். குழந்தை ஆறு மணி நேரத்துக்குமேல் தூங்கியிருக்கிறது, தாய் அதைவிடக் குறைவாக, அதுவும் துண்டு துண்டாக. அதனால் 6 மணிக்குக் குழந்தையைப் பாட்டி வாங்கிக்கொண்டு, மகளை எட்டு மணிவரை எழுப்பாமல் விடவேண்டும். பால் கொடுப்பது தவிர மற்ற எல்லாவற்றையும் கணவரும் செய்யலாம், துணி மாற்றுவதில் தொடங்கி.

விழிக்காத குழந்தைதான் கவலை

பிறந்த எடையை மீட்கும்வரை, பொதுவாக இரண்டு வாரத்துக்குள், இரண்டு மூன்று மணிக்கொருமுறை குழந்தையை எழுப்பியாவது பால் கொடுக்க வேண்டும். முதல் வாரக் கடைசியிலிருந்து நாளுக்கு ஆறு முறையாவது சிறுநீர் கழித்தால் பால் போதுகிறது என்று கொள்ளலாம்.

எழுப்பியும் பால் குடிக்காத, தொட்டால் மட்டுமே அசைகிற, உள்ளங்காலில் மஞ்சள் தெரிகிற குழந்தை "நல்லபடியாகத் தூங்குகிறது" என்று விட்டுவிடக் கூடாது. அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் எண்ணி மூச்சு 60-ஐத் தொட்டால் மறுபடி எண்ணுங்கள். இரண்டாம் முறையும் அப்படியே இருந்தாலோ, மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, அக்குளில் வெப்பம் 37.5 டிகிரி செல்சியஸ், அதாவது 99.5 பாரன்ஹீட்டை எட்டினாலோ, உடல் சில்லிட்டுப்போனாலோ, வலிப்பு வந்தாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துப் பார்ப்பது, மருந்துக்கடையில் கேட்பது இரண்டுமே நேரத்தை வீணாக்கும். 108-ஐ அழைத்து, பச்சிளங்குழந்தைச் சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். போகும் வழியில் குழந்தையைத் தாயின் நெஞ்சோடு தோல் படும்படி அணைத்து, முகம் மூடாமல் துணியால் போர்த்தியிருங்கள்.